மாத்திரை உடனே வேலை செய்கிறது, மனசுதான் தாமதம்

கேள்வி: மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். இன்றோடு 12 நாள். குமட்டலும் அரைகுறைத் தூக்கமும்தான் கண்ட பலன், மனசு அப்படியே கிடக்கிறது. தலைவலி மாத்திரை அரை மணியில் கேட்கிறதே, இது ஏன் கேட்கவில்லை? இது நிஜமாகவே நோய்தானா, இல்லை எனக்கு மனதிடம் போதாதா? நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போது நிறுத்தாதீர்கள். 12 நாளை வைத்து இந்த மருந்தை எடைபோட முடியாது.

முதலில் அந்த மனதிட விஷயம். வருத்தம் யாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல், தினமும் பெரும்பாலான நேரம் மனசு கனத்தோ எதிலும் ஒட்டாமலோ கிடந்து, கூடவே தூக்கம், பசி, யோசனை, உடம்பின் வேகம் எல்லாம் கெட்டுப்போனால் அது நோய். திடம் குறைந்தவருக்கு அதிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, அப்புறம் தூக்கமே வராமல் போக வேண்டிய அவசியம் இல்லையே.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஒரு நரம்பு செல் செரோட்டோனின் என்ற ரசாயனத்தை வெளியே விட்டுப் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்லும், சொன்னதும் மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் மருந்து அந்த உறிஞ்சும் வாயை அடைக்கிறது. இது முதல் நாளே நடந்துவிடுகிறது. அதனால்தான் குமட்டலும்: உடம்பிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில், மூளையில் இல்லை. குடல் உடனே முறைத்துக்கொள்ளும், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சமாதானமாகிவிடும்.

மூளையில் கதை வேறு. செரோட்டோனினை விடும் செல் தன் சரக்கைத் தானே கண்காணிக்கிறது. சுற்றிலும் திடீரென்று அளவு கூடியதும், அதன் மேலுள்ள உணரிகள் "போதும், நிறுத்து" என்று சொல்ல, செல் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதாவது நீங்கள் வடிகாலை அடைத்தீர்கள், அது குழாயை மூடிவிட்டது! இந்த உணரிகள் மெல்ல மரத்துப்போய் செல் பழைய வேகத்துக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. செல்களுக்கு நடுவே இணைப்புகள் வலுப்பட வேண்டும், அதற்கான புரதங்கள் சுரக்க வேண்டும். "செரோட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு, ஊற்றினால் சரி" என்று சொல்கிறார்களே, அது ரொம்பச் சுருக்கிய கதை. அது மட்டுமே உண்மை என்றால் நீங்கள் முதல் நாள் சாயங்காலமே எழுந்து நடமாடியிருக்க வேண்டும்.

முன்னேற்றம் வரும்போதும் நீங்கள் எதிர்பார்க்கும் வாசல் வழியாக வராது. என்னிடம் வந்த ஒருவர் நான்காவது வாரம் "ஒரு மாற்றமும் இல்லை டாக்டர்" என்று உட்கார்ந்தார். கூட வந்த மனைவி குறுக்கிட்டு, "மூணு நாளா அவரே ஷேவ் பண்றாரு, போன் அடிச்சா எடுக்கறாரு" என்றார். அவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பலருக்கும் தூக்கமும் பசியும் சுறுசுறுப்பும் முதலில் திரும்பும், மனபாரம் கடைசியில்தான் இறங்கும்.

இந்த இடைவெளியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நம்பிக்கை திரும்பும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிட்டால் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தீவிரமாகலாம். 25 வயதுக்குள் இருப்பவர்கள் முதல் சில வாரம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்படி எண்ணம் வந்தாலோ, ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு வந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். தூக்கமே இல்லாமல் அசாத்திய உற்சாகம், நிற்காத பேச்சு என்று வந்தாலும் அதேதான், ஏனென்றால் அது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

மற்றபடி, தவறாமல் சாப்பிட்டும் நான்கு வாரத்தில் துளிகூட மாற்றம் இல்லையென்றால் டோஸைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று உங்கள் டாக்டர் முடிவெடுப்பார். முதல் மருந்திலேயே எல்லோருக்கும் முழுசாகக் குணமாவதில்லை, இரண்டாவது தேவைப்படுவது சகஜம். கொஞ்சம் மாற்றம் தெரிந்தால் ஆறு, எட்டு வாரம் வரை பார்க்கலாம். நன்றாக ஆனபிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும், நிறுத்துவதும் படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி வெட்டலும் வரலாம்.

இப்போதைக்கு, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், குமட்டல் குறையலாம். ராத்திரியில் போடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்கத்துக்கு அது உதவக்கூடும். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள், அடுத்த முறை போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.