ரெண்டர் படத்தை நம்பி ஷெட்டுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: 8 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளத்தில் சின்ன ஒர்க்‌ஷாப் ஷெட் போடப் போகிறேன். தகரக் கூரை, முன்பக்கம் ஸ்லைடிங் கதவு, வெளிச்சத்துக்குப் பக்கச் சுவர்களில் நீளமான திறப்பு. ஷெட் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்த ரெண்டர் படம் தயார். அதைக் காட்டி வாங்கிய இரண்டு கொட்டேஷன்களில் ஒன்று 18 சதவீதம் குறைவு. அதில் கூரை ஷீட் 96 சதுர மீட்டர், மற்றதில் 126. அதிகம் போட்டவர் ஏமாற்றுகிறாரா? கையில் 80 சதவீதப் பணம் இருக்கிறது, மீதிக்குக் கடன். குறைந்த கொட்டேஷனை எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் எடுக்காதீர்கள். இருவரும் ஒரே ஷெட்டுக்கு விலை சொல்லவில்லை. படத்தில் அளவு இல்லாத இடங்களை அவரவர் கணக்கில் நிரப்பியிருக்கிறார்கள்.

96 என்பது 8-ஐ 12-ஆல் பெருக்கிய தரைப் பரப்பு. கூரை அதைவிடப் பெரிது. நடுவில் முகடு, இரு பக்கமும் 10 டிகிரி சரிவு, பக்கவாட்டில் 45 செ.மீ. இறவாணம் என்று வைத்தால் ஒரு ஷீட்டின் நீளம் 4.52 மீட்டர். முன்னும் பின்னும் 30 செ.மீ. நீட்டினால் கூரையின் நீளம் 12.6 மீட்டர். 1.07 மீட்டர் அகல ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போட்டால் 1 மீட்டரைத்தான் மூடும். ஆக ஒரு பக்கத்துக்கு 13, மொத்தம் 26 ஷீட். வாங்க வேண்டிய பரப்பு கிட்டத்தட்ட 126 சதுர மீட்டர். அதிகம் போட்டவர் ஏமாற்றவில்லை, ஒழுங்காக அளந்திருக்கிறார்.

இனி இரண்டு கொட்டேஷனிலும் ஷீட்டின் கனத்தைப் பாருங்கள். அதிகம் போட்டவர் 0.50 மி.மீ., குறைத்துப் போட்டவர் 0.45 என்றால், பரப்பையும் கனத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது குறைந்த கொட்டேஷனில் கூரைக்கான இரும்பு 31 சதவீதம் குறைவு. அந்த 18 சதவீத மலிவில் ஒரு பங்கு இங்கேயே இருக்கலாம். கனம் எழுதும்போது பெயிண்ட், துத்தநாகப் பூச்சு சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பூச்சையும் சேர்த்து 0.50 என்று எழுதுவது சகஜம். சரக்கு வந்ததும் ஒரு ஷீட்டை எடை போட்டால் தெரிந்துவிடும். 1.22 மீட்டர் அகலச் சுருளில் உருட்டிய 4.52 மீட்டர் ஷீட்டில் 0.50 இரும்பு இருந்தால் சுமார் 21.5 கிலோ, 0.45 என்றால் 19.5. பூச்சின் எடை இதற்கு மேல் கொஞ்சம் வரும்.

அடுத்தது பக்கத் திறப்பு. பட்ஜெட் பெரும்பாலும் பிய்வது இங்கேதான். ரெண்டரில் சூரியனை வேண்டிய இடத்தில் வைக்கலாம், உள்ளே யாருக்கும் தெரியாமல் ஒரு விளக்கைக்கூடப் போடலாம். மழை மட்டும் அதில் பெய்யாது. சுவர் உயரம் 3.6 மீட்டர், திறப்பு 2.1-லிருந்து 3 மீட்டர் வரை என்று வையுங்கள். சாரல் 45 டிகிரியில் அடித்தால், 45 செ.மீ. இறவாணம் சுவரை மேலிருந்து ஏறக்குறைய 3.07 மீட்டர் உயரம் வரைதான் காக்கும். திறப்பு முழுக்க அதற்குக் கீழே. முதல் மழையிலேயே மெஷின் நனையும், அப்புறம் ஷட்டர், தார்ப்பாய் என்று தனிச் செலவு.

"இறவாணத்தை 90 செ.மீ. ஆக்கி, திறப்பை மேலே ஏற்றிவிடலாமே" என்பார்கள். சாரல் நிற்கும், வெளிச்சமும் சேர்ந்தே நின்றுவிடும். திறப்பு 2.7-லிருந்து 3.6 மீட்டர் வரை என்றால், ஷெட்டின் நடுவில் மேசை உயரத்திலிருந்து பார்க்கும்போது திறப்பின் அடி விளிம்புக்கும் கூரை ஓரத்துக்கும் இடையே வெறும் 3 டிகிரி வானம்தான் தெரியும். பகலிலும் விளக்கு எரியும்.

மலிவான தீர்வு இது: இறவாணம் 45 செ.மீ. ஆகவே இருக்கட்டும். 2.1-லிருந்து 3.3 மீட்டர் வரை வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் ஷீட்டால் மூடுங்கள். அதற்கு மேலே 30 செ.மீ. மட்டும் வலை அடித்துக் காற்றுக்கு விடுங்கள். அது இறவாணத்தின் மறைவில் இருப்பதால் சாரல் எட்டாது. நடுவில் தெரியும் வானம் 14 டிகிரி ஆகும். பக்கத்துக்கு 9 மீட்டர் நீளம் என்றால் பாலிகார்பனேட் 21.6 சதுர மீட்டர் வேண்டும், சுவர்த் தகரம் 27 சதுர மீட்டர் மிச்சம். கூரையில் கண்ணாடி ஷீட் பதிக்கும் வேலையை விட்டுவிடலாம். கூரையில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒழுகும் வாய்ப்பு, பழுத்தால் மாற்றுவதும் கஷ்டம். சுவரில் இருப்பதை ஏணி வைத்தே மாற்றலாம். ஒரு எச்சரிக்கை: பாலிகார்பனேட் வெயிலில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் 8 மி.மீ. அசையும். ஸ்க்ரூவின் தடிமனுக்கே துளை போட்டால் அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும். துளையைப் பெரிதாகப் போட்டு அகல வாஷர் வைக்கச் சொல்லுங்கள்.

கதவைப் படத்தில் எப்போதும் மூடியபடிதான் காட்டுவார்கள். 8 மீட்டர் முன்சுவரின் நடுவில் 3 மீட்டர் வழி என்றால் இரு பக்கமும் மிஞ்சுவது 2.5 மீட்டர். ஒற்றைக் கதவாக இருந்தால் திறக்கும்போது சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். 1.6 மீட்டரில் இரட்டைக் கதவுதான் பொருந்தும், 6.4 மீட்டர் டிராக் வேண்டும். சட்டமும் தகரமும் சேர்ந்து ஒரு கதவு 60 கிலோ பக்கம் வரும். டிராக்கைத் தாங்கும் விட்டம் ஷெட்டின் தூண்களில் பிடித்திருக்க வேண்டும். சுவர்த் தகரத்துச் சட்டத்தில் தொங்கவிட்டால் அது தொய்ந்து கதவு தரையில் உரசும். இந்த விட்டமும் டிராக்குக்கு மேல் மழை மறைப்பும் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். "ஸ்லைடிங் கதவு, 1" என்று மட்டும் இருந்தால் பின்னால் "எக்ஸ்ட்ரா" வரும்.

அந்த எக்ஸ்ட்ராதான் உங்கள் கடனைக் கெடுக்கும். வேலை பாதியில் நிற்கும்போது சேமிப்பு தீர்ந்திருக்கும். அப்போது அவசரத்துக்குக் கிடைப்பது கூடுதல் வட்டிக் கடன்தான். அதனால் மேலே சொன்ன அளவுகளை ஒரு தாளில் எழுதி, இருவரிடமும் அதே பட்டியலுக்கு மறுபடி விலை கேளுங்கள். அஸ்திவாரம், ஆங்கர் போல்ட், மழைநீர்க் குழாய் எல்லாம் வரிவரியாக இருக்கட்டும். வருகிற தொகையோடு 10 சதவீதம் சேர்த்து, அதில் கையிருப்பு போக மீதிக்குக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். தவணை தவணையாக விடுவிக்கும் கடனாகக் கேளுங்கள், எடுத்த தொகைக்குத்தான் வட்டி ஓடும். முதலில் சேமிப்பைச் செலவழியுங்கள், ஆனால் அந்த 10 சதவீதத்தைத் தொடாதீர்கள்.

பணம் கொடுப்பதும் பொருளோடு சேர்ந்தே போகட்டும்: அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, இரும்புச் சட்டம் நின்றதும் ஒரு பங்கு, ஷீட் வந்து எடை பார்த்ததும் ஒரு பங்கு. கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவருடைய கொட்டேஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.