மூலைவிட்டமாக்க முடியாத அணிக்கு ஜோர்டான் வடிவம்

சில அணிகளை ஏன் மூலைவிட்டமாக்க முடிவதில்லை? அப்போது என்ன செய்வது?

ஓர் அணி தன் கோட்டிலிருந்து விலக்காமல் அளவை மட்டும் மாற்றும் பூச்சியமல்லாத திசையன், அதன் ஐகன் திசையன்; எத்தனை மடங்காக மாற்றுகிறதோ அந்த எண் ஐகன் மதிப்பு. 2×2 அணியை மூலைவிட்டமாக்க, அதாவது மூலைவிட்டத்துக்கு வெளியே பூச்சியங்களே உள்ள வடிவுக்குக் கொண்டுவர, வெவ்வேறு கோடுகளில் இரண்டு ஐகன் திசையன்கள் வேண்டும். A = [[3, 1], [−1, 1]] என்ற அணிக்கு ஐகன் மதிப்பு 2 இருமுறை வந்தாலும், A − 2I = [[1, 1], [−1, −1]] பூச்சியமாக்குவது v = (1, −1) அமைந்த ஒரே கோட்டைத்தான்.

ஆகவே (A − 2I)w = v என்பதை நிறைவு செய்யும் w = (1, 0) என்ற பொதுமைப்படுத்திய ஐகன் திசையனைத் துணைக்கு எடுக்கிறோம். மேல்படியில் நிற்பவர் கீழ்ப்படியை மிதித்துத் தரைக்கு வருவதுபோல, A − 2I முதலில் w-ஐ v-க்கும், பிறகு v-ஐப் பூச்சியத்துக்கும் இறக்குகிறது. Av = 2v, Aw = v + 2w என்பதால், v, w ஆகியவற்றை அதே வரிசையில் நிரல்களாகக் கொண்ட P-க்கு P⁻¹AP = [[2, 1], [0, 2]] என்ற ஜோர்டான் கட்டம் கிடைக்கிறது; வரிசையை மாற்றினால் அந்த 1 மூலைவிட்டத்தின் கீழே போய்விடும்.

ஐகன் மதிப்பு திரும்ப வந்தாலே மூலைவிட்டமாக்க முடியாது என்று பலர் எண்ணுவது சரியன்று: 2I-க்கும் 2 இருமுறை வருகிறது, அதுவோ ஏற்கெனவே மூலைவிட்ட அணி.