நெஃப்ரான் படம்: பாகக்கோடுகள் குறுக்கிடாமல் வரைய

“நெஃப்ரான் வரைந்தால் சுருள் குழல்கள் நூல்கண்டு மாதிரி ஆகிவிடுகிறது. பாகக்கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. என்ன செய்வது?”

கிண்ணத்தில் தொடங்காதீர்கள், இடம் போதாமல் போவது அதனால்தான். முதலில் வலப்பக்கம் சேகரிப்பு நாளத்தை நெட்டாக இரட்டைக் கோட்டில் போடுங்கள். இடப்பக்கம் மேலே பௌமானின் கிண்ணம், இரண்டுக்கும் நடுவே கீழே இறங்கி ஏறும் ஹென்லே வளைவு. கடைசியாகத்தான் சுருள்கள். அண்மைச் சுருளுக்கும் சேய்மைச் சுருளுக்கும் இரண்டு மூன்று வளைவுகளே போதும். குழல் குழலைக் கடக்கும் இடத்தில் பின்னால் போகும் குழலின் கோடுகளை அழித்துவிடுங்கள். நூல்கண்டு ஆவது அங்கேதான்.

கிளாமருலஸுக்குள் நுழையும் உட்செல் நுண்தமனி, வெளிச்செல் நுண்தமனியைவிட அகலமாகத் தெரிய வேண்டும். வடிகட்டலுக்கான அழுத்தம் அந்த வேறுபாட்டால்தான் கிடைக்கிறது. பலர் இரண்டையும் ஒரே அளவில் வரைந்துவிடுகிறார்கள்.

பாகக்கோடுகளை அளவுகோல் வைத்து, பென்சிலால், அம்புமுனை இல்லாமல் கிடைமட்டமாக இழுங்கள். இடப்பக்கப் பாகங்களுக்கு இடப்பக்கமும் மற்றவற்றுக்கு வலப்பக்கமும் இழுத்தால் வெட்டாது. கோட்டின் முனை பாகத்தைத் தொட வேண்டும்: கிளாமருலஸ் கோடு கிண்ணச் சுவரில் நின்றுவிட்டால் அது பௌமானின் கிண்ணத்தைக் குறித்ததாகிவிடும்.