மின்வாகன மோட்டாரில் கோணம்தான் எல்லாம்

கேள்வி: பிஎம்எஸ்எம் மோட்டார்னா என்ன, அதுக்கு எஃப்ஓசி ஏன் வேணும்?

சுழலும் ரோட்டாரில் நிரந்தரக் காந்தம், சுற்றிலும் அசையாத மூன்று செட் செம்புச் சுருள்கள், இதுதான் பிஎம்எஸ்எம். சுருள்களில் முறைவைத்து மின்னோட்டம் விட்டால் ஒரு காந்தப்புலம் சுற்றிவரும், ரோட்டாரும் அதே வேகத்தில் கூடவே ஓடும்.

ஆனால் எவ்வளவு மின்னோட்டம் என்பதைவிட எந்தக் கோணத்தில் என்பதுதான் முக்கியம். கதவைக் குறுக்காகத் தள்ளினால் திறக்கும். கீலை நோக்கி அழுத்தினால் கை வலிக்குமே தவிர கதவு அசையாது. இங்கேயும் அப்படித்தான், சுருளின் புலம் காந்தத்துக்கு 90 டிகிரியில் இருந்தால் மொத்த மின்னோட்டமும் திருப்புவதற்கே போகும். எஃப்ஓசி என்பது நொடிக்குப் பல ஆயிரம் தடவை ரோட்டாரின் இடத்தைப் பார்த்து, மின்னோட்டத்தைத் திருப்பும் பங்கு, கீலை அழுத்தும் பங்கு என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைப் பூஜ்ஜியத்தில் வைக்கும் கணக்கு. (அதிவேகத்தில் காந்தப்புலத்தைக் குறைக்க வேண்டுமென்றே அந்தப் பங்கையும் கொடுப்பார்கள்.)

நான்கு ஜோடித் துருவமுள்ள மோட்டாரில், ரோட்டாரின் இடத்தைக் காட்டும் சென்சார் 15 டிகிரி தள்ளி மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். ரோட்டார் ஒருமுறை சுற்றுவதற்குள் மின்னோட்டம் நான்கு சுற்று முடிப்பதால், மின்கணக்கில் அது நான்கு மடங்கு, 60 டிகிரி. திருப்புவிசை ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆனால் மின்னோட்டம் குறையாததால் சுருள் அதே அளவு சூடாகும். வண்டி இழுக்காமல் மோட்டார் மட்டும் கொதித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம், காந்தம் இருப்பதால் இலவசமாக ஆற்றல் கிடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; சுற்றும் ஆற்றல் முழுக்க பேட்டரியிலிருந்துதான் வருகிறது.