“போலி சரக்கு விற்றதாகப் புகார்” – கணக்கு முடங்கினால் அப்பீல் எழுதுவது எப்படி?

கேள்வி: வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அமேசான் அமெரிக்கத் தளத்தில் ஒரு ஜப்பானிய பிராண்டின் வெந்நீர்க் குடுவைகளை விற்று வந்தேன். ஜார்ஜ்டவுனில் ஒரு மொத்த வியாபாரியிடம் 200 குடுவைகள் வாங்கினேன். பேரங்காடியில் மலிவு விற்பனை நடந்தபோது இன்னும் 60 வாங்கினேன். எல்லாமே அசல். போன மாதம் அந்த பிராண்டு நிறுவனம் ‘போலி’ என்று புகார் செய்து என் கணக்கை முடக்கிவிட்டார்கள். இரண்டு முறை அப்பீல் செய்தேன். இரண்டாவதை ஃபேஸ்புக் குழுவில் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதினேன். இரண்டுமே நிராகரிக்கப்பட்டன. பணம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. மைத்துனர் பெயரில் புதுக் கணக்கு திறக்கலாமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. வேண்டாம். ஒரே கணினி, ஒரே வங்கிக் கணக்கு, ஒரே முகவரி, ஒரே சரக்கு என்று ஏதாவது ஒன்று இரண்டு கணக்குகளையும் இணைத்துக் காட்டிவிடும். அப்போது மைத்துனரின் கணக்கும் போகும், உங்கள் அப்பீலும் கெடும்.

நீங்கள் அனுப்பியிருந்த இரண்டாவது அப்பீலைப் படித்தேன். “போலிப் பொருள் விற்றதற்கு வருந்துகிறோம், இனி நடக்காது” என்று தொடங்குகிறது. உங்கள் சரக்கு அசல் என்று என்னிடம் சொல்கிறீர்கள், அவர்களிடமோ போலி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இணையத்தில் சுற்றும் மாதிரிகளில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். பணிவாக எழுதினால் மனம் இரங்குவார்கள் என்ற எண்ணத்தில், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வைத்துவிடுகின்றன. மூன்றாவது அப்பீலில் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

‘போலி’ என்பது பிராண்டின் பெயரை அனுமதியில்லாமல் ஒட்டிய சரக்கு. உங்களுடையது அதுவல்ல. ஆனால் அசல் என்பதாலேயே அங்கே விற்க உரிமை வந்துவிடாது. மலேசியாவில் ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்தில் தயாரான அசல் பனடோல் மாத்திரைகளை ஒருவர் தனியாக இறக்குமதி செய்து விற்றார். வர்த்தக முத்திரை மீறல் என்று உரிமையாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1988இல் உயர் நீதிமன்றம் இறக்குமதியாளர் பக்கம் நின்றது. “அசல்தானே, நான் காசு கொடுத்து வாங்கியது” என்ற உங்கள் வாதத்துக்கு இங்கே ஓரளவு பலம் இருப்பது அப்படித்தான். நீங்கள் விற்றதோ அமெரிக்காவில். அங்கேயும் ஒருமுறை முறையாக விற்கப்பட்ட பொருளை மறுபடி விற்கலாம் என்ற விதி உண்டு. ஆனால் அந்நாட்டுச் சந்தைக்கான பொருளிலிருந்து முக்கியமான வகையில் வேறுபட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உத்தரவாதம் அங்கே செல்லாது என்பதே சில வழக்குகளில் போதுமான வேறுபாடாகக் கருதப்பட்டிருக்கிறது. உங்கள் குடுவையின் பெட்டியை எடுத்து உத்தரவாத அட்டையைப் பாருங்கள். மலேசியாவுக்கு மட்டும் என்று இருந்தால், உங்கள் உண்மையான பலவீனம் அதுதான்.

அடுத்து, புகார் எங்கிருந்து வந்தது என்பது. அமேசானே சந்தேகப்பட்டு ஆதாரம் கேட்பது ஒரு வகை. உரிமையாளர் நேரடியாகப் புகார் செய்வது இன்னொரு வகை. உங்களுடையது இரண்டாவது. இதில் அப்பீலைவிட வலுவானது, புகார் செய்தவரே அதைத் திரும்பப் பெறுவது. அறிவிப்புக் கடிதத்தில் புகார்தாரரின் மின்னஞ்சலும் புகார் எண்ணும் இருக்கும். அந்த முகவரிக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: சரக்கு எங்கே வாங்கியது, இன்வாய்ஸ் இணைத்திருக்கிறேன், விற்பனையை நிறுத்திவிட்டேன், இனி உங்கள் பிராண்டை இந்தத் தளத்தில் விற்கமாட்டேன், ‘போலி’ என்ற புகாரை மட்டும் திரும்பப் பெறுங்கள். கெஞ்சலும் வேண்டாம், வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலும் வேண்டாம். அவர்கள் சம்மதித்தால் உங்களுக்குப் பதில் எழுதுவது மட்டும் போதாது. புகார் செய்த அதே மின்னஞ்சலிலிருந்து, புகார் எண்ணையும் பொருளின் ASIN எண்ணையும் குறிப்பிட்டு notice-dispute@amazon.com என்ற முகவரிக்கு அவர்களே எழுத வேண்டும். இதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் பொறுத்து, பதில் இல்லையென்றால் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால் அப்பீலுக்குப் போகலாம்.

இப்போது ஆதாரம். மொத்த வியாபாரி கொடுத்த பில்லில் உங்கள் எண்டர்பிரைஸ் பெயர் இருக்கிறது, அமேசான் கணக்கோ உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது யாரோ ஒருவரின் பில். இதைச் சரிசெய்ய எஸ்எஸ்எம் பதிவுச் சான்றிதழை இணைத்து, அந்த நிறுவனத்தின் உரிமையாளர் நீங்களே என்று காட்டுங்கள். மொத்த வியாபாரியிடம் அவர் கடைக் கடிதத்தாளில் தேதி, எண்ணிக்கை, மாடல் எண், தொலைபேசி எண் போட்டு ஓர் உறுதிக் கடிதம் வாங்குங்கள். அவரைத் தொடர்புகொண்டு விசாரிக்கக்கூடும், அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வழக்கமாகக் கடைசி 365 நாள்களுக்குள்ளான இன்வாய்ஸைத்தான் கேட்பார்கள். விலையை மறைக்கலாம், வேறெதையும் தொடக் கூடாது. பெயரையோ தேதியையோ கணினியில் ‘கொஞ்சம்’ மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு நிரந்தரமாகப் போகும். அதோடு பொய் ஆவணம் தயாரிப்பதும் அதை உண்மைபோல் பயன்படுத்துவதும் நம் தண்டனைச் சட்டப்படி குற்றம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். முடங்கும்வரை நீங்கள் விற்றது 230. மொத்த வியாபாரியின் பில் 200க்குத்தான். மீதி 30 எங்கிருந்து என்ற கேள்வி வரும். பேரங்காடி ரசீதை விநியோகச் சங்கிலிக்கான ஆதாரமாக அமேசான் ஏற்பதில்லை. அதற்காக அந்த 60ஐ மறைத்தால் கணக்கு உதைக்கும். சில்லறைக் கடையில் வாங்கி விற்றது நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு.

அப்பீல் மூன்று பகுதிதான்: காரணம், செய்த திருத்தம், இனி செய்யப்போவது. ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சாரம் இப்படி இருக்கலாம்:

“முந்தைய அப்பீலில் பொதுவான மாதிரியைப் பயன்படுத்தியதால் பொருள் போலி என்று தவறாக எழுதிவிட்டேன், அது சரியல்ல. 200 குடுவைகளுக்கு இன்வாய்ஸ் இணைத்துள்ளேன். மேலும் 60 குடுவைகளைச் சில்லறைக் கடையில் வாங்கினேன், ரசீதும் உள்ளது. பிராண்டின் அனுமதிக் கடிதம் பெறாமலும், மலேசியச் சந்தைக்கான உத்தரவாதம் அமெரிக்க வாடிக்கையாளருக்குச் செல்லுமா என்று பார்க்காமலும் விற்றதும், சில்லறைக் கடையில் வாங்கியதைச் சேர்த்து விற்றதும் என் தவறு. அந்த விற்பனைப் பக்கத்தை நீக்கிவிட்டேன், மீதமுள்ள சரக்கைக் கிடங்கிலிருந்து எடுக்க உத்தரவிட்டுள்ளேன். இனி அனுமதிக் கடிதமும் என் பெயரிலான இன்வாய்ஸும் இல்லாமல் எந்த பிராண்டுப் பொருளையும் பட்டியலிடமாட்டேன்.”

செய்ததை மட்டும் ‘செய்துவிட்டேன்’ என்று எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தச் சரக்கு எடுக்கும் உத்தரவை நிஜமாகவே போட்டுவிடுங்கள். அழித்துவிடச் சொல்லாதீர்கள். தகராறு நீண்டால் அந்தக் குடுவைகள்தான் உங்கள் சாட்சி. அமெரிக்காவில் தெரிந்தவர் முகவரிக்கு எடுத்து, சிலவற்றைப் பெட்டியோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முடக்கத்துக்குப் பின் 90 நாள் நிறுத்திவைப்பது வழக்கம். வாடிக்கையாளர்கள் பணம் திரும்பக் கேட்டால் அதிலிருந்துதான் கழிப்பார்கள். போலி என்பது உறுதியானால் முழுவதையும் நிறுத்திக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. சரக்கு ‘போலி’ என்று நீங்கள் ஒப்புக்கொண்டதை அப்பீலில் திருத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஒன்று மட்டும் இன்றே சரிபாருங்கள். அறிவிப்பில் அமெரிக்க நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கிறதா? சிகாகோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் பல வெளிநாட்டு விற்பனையாளர்களை ஒரே வழக்கில் சேர்த்து, கணக்கிலுள்ள பணத்தை முடக்கும் தற்காலிகத் தடை உத்தரவு வாங்குவது சில ஆண்டுகளாக நடக்கிறது. அப்படியானால் அமேசானுக்கு எத்தனை அப்பீல் எழுதினாலும் பயனில்லை, அது நீதிமன்ற உத்தரவு. அங்கே வாதாடக்கூடிய வழக்கறிஞர் மூலம் வாதி தரப்போடு பேச வேண்டும். பதில் தராமல் இருந்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். வழக்கு எண் இருந்தால் அப்பீலை நிறுத்திவிட்டு அந்தக் கடிதத்தை உடனே எனக்கு அனுப்புங்கள்.