மரண தூதர் யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உயிரை வாங்கும் மலக்கின் பெயர் இஸ்ராயீல் என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்தேன். குர்ஆனில் தேடினால் அந்தப் பெயரே இல்லையே?

நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். 32ஆம் அத்தியாயம் 11ஆம் வசனத்தில் ‘மலக்குல் மவ்த்’, அதாவது மரணத்தின் வானவர், என்று மட்டும்தான் இருக்கிறது. இஸ்ராயீல் என்ற பெயர் பிற்காலச் செய்திகள் வழியாகப் பரவியது. அதனால் அந்தப் பெயரைச் சொல்லாமல் தவிர்க்கும் ஆலிம்களும் உண்டு.

எபிரேய வேதத்திலும் இதே நிலைதான். யாத்திராகமத்தில் எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொல்ல வருபவனை நம் பழைய தமிழ் பைபிள் ‘சங்காரக்காரன்’ என்கிறது. அசீரியப் பாளயத்தில் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சாய்த்த தூதனுக்கும் பெயர் கிடையாது. அவர்கள் அந்தந்த வேலைக்காக அனுப்பப்பட்டவர்கள். சாவுக்கென்றே ஒரு தூதர் நிலையாக இருக்கிறார் என்ற எண்ணம், பின்னால் வந்த யூத ரபிகளின் பேச்சில்தான் தெளிவாகிறது.

யூதர்களுக்குச் சாத்தானும் மரண தூதனும் ஒன்றுதானே? எங்கள் சபையிலும் மரணத்துக்கு அதிகாரி பிசாசுதான் என்று போதிக்கிறார்கள்.

பாதி சரி. சாத்தான், மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டம், மரண தூதன் மூன்றும் ஒன்றே என்று ரெஷ் லக்கிஷ் என்ற ரபி சொன்னது, ரபிகளின் பேச்சுகளைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது. ஆனால் அங்கே சாத்தான் கடவுளின் எதிரி அல்ல. யோபுவின் கதையில் வருவதுபோல, உத்தரவு வாங்கிக்கொண்டு வேலை செய்பவன். உங்கள் சபை சொல்வது எபிரெயர் நிருபம் 2:14. ஆனால் அதே புதிய ஏற்பாட்டில் ஏழை லாசரு இறந்ததும் அவனை ஆபிரகாமின் மடியில் கொண்டுபோய் விடுபவர்கள் தேவதூதர்கள். அந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

என் பாட்டி சாவதற்கு முந்தின இரவு தெருநாய்கள் ஓயாமல் ஊளையிட்டன. பாட்டி மூலையைப் பார்த்து “யாரோ வந்திருக்காங்க” என்றாள். வந்தது எமன்தானே?

பாட்டி எதைப் பார்த்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நாய்கள் அழுதால் மரண தூதன் ஊருக்குள் வந்திருக்கிறான், நாய்கள் விளையாடினால் எலியா தீர்க்கதரிசி வந்திருக்கிறார் என்று தல்மூதும் சொல்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவரின் தலைமாட்டில் அவன் உருவிய வாளோடு நிற்பான், அவன் உடம்பெல்லாம் கண்கள் என்றும் அதில் வரும்.

எமன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எமன் தர்மராஜன், தீர்ப்புச் சொல்பவன். மரண தூதருக்குத் தீர்ப்பில் பங்கில்லை. அழைத்துப் போவதோடு இவர் வேலை முடிந்தது.

அவரை ஏமாற்றித் தப்பித்தவர்கள் உண்டா?

தள்ளிப்போட்டவர்கள் உண்டு. ஓய்வுநாள் ஒன்றில்தான் சாவு வரும் என்று தாவீது அரசருக்கு முன்பே தெரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு ஓய்வுநாளும் விடிந்ததிலிருந்து வாய் ஓயாமல் வேதம் ஓதிக்கொண்டே இருந்தார். ஓதும் வாயிலிருந்து உயிரை எடுக்க முடியாமல் தூதன் திணறினான். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் ஏறி மரங்களை உலுக்கினான். என்ன சத்தம் என்று பார்க்கத் தாவீது எழுந்து போனார். காலடியில் படி முறிந்தது. ஒரு நொடி ஓதல் நின்றது. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

அப்புறம் மூஸா நபியைப் பற்றி, நபிமொழித் தொகுப்பான புகாரியில் உள்ள ஹதீஸ். வந்த மலக்கை அவர் அறைந்துவிடுகிறார். மலக்கு இறைவனிடம் திரும்பிப் போய், சாக விரும்பாத அடியாரிடம் என்னை அனுப்பினாய் என்று முறையிடுகிறார். அறைந்ததில் பறிபோன மலக்கின் கண்ணை இறைவன் திருப்பித் தருகிறான். ஒரு காளையின் முதுகில் கை வைக்கச் சொல், கைக்கு அடியில் எத்தனை முடியோ அத்தனை வருடம் ஆயுள் என்று சொல்லி அனுப்புகிறான். “அதற்குப் பிறகு?” என்று மூஸா கேட்கிறார். மரணம்தான் என்று பதில் வந்ததும், “அப்படியானால் இப்போதே” என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு நபிக்கும் முதலில் கோபம்தான் வருகிறது, அதற்காக அவர் தண்டிக்கப்படவும் இல்லை.

மலக்குகள் சொன்னதை மட்டும் செய்பவர்கள் என்றால் இப்லீஸ் எப்படி ஆதமுக்குத் தலைவணங்க மறுத்தான்?

நான் பேசிக்கொண்டிருப்பது வேறொருவரைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். குர்ஆன் 18:50 அவனை ஜின் இனம் என்கிறது. அவன் ஒரு கண நேரம்கூட மலக்காக இருந்ததில்லை என்றார் ஆரம்பகால அறிஞர் ஹஸன் அல்பஸரி. முதலில் மலக்குகளில் ஒருவனாகத்தான் இருந்தான் என்ற விளக்கமும் குர்ஆன் விரிவுரைகளான பழைய தஃப்ஸீர்களில் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சாவைக் கொண்டு வருபவருக்கும் ஒருநாள் சாவு வருமா?

வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணமே அக்கினிக் கடலில் தள்ளப்படுகிறது. ஹதீஸில் மறுமை நாளில் மரணம் ஒரு செம்மறிக் கடாவின் உருவில் கொண்டுவரப்பட்டு, எல்லோரும் பார்க்க அறுக்கப்படுகிறது. இரண்டிலும் சாவது மரணம்தான், வானவர் அல்ல.

தூதனே சாவது யூதர்களின் பஸ்கா இரவுப் பாட்டில். விருந்து முடிந்து தூக்கம் சொக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவார்கள். அப்பா இரண்டு காசுக்கு வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பூனை தின்னும், பூனையை நாய் கடிக்கும், நாயைத் தடி அடிக்கும், தடியை நெருப்பு எரிக்கும், நெருப்பைத் தண்ணீர் அணைக்கும், தண்ணீரை மாடு குடிக்கும், மாட்டைக் கசாப்புக்காரர் வெட்டுவார், அவரை மரண தூதன் கொல்வான். கடைசி அடியில் கடவுள் வந்து மரண தூதனைக் கொல்வார்.