தேன் போத்தல் லேபலில் என்ன எழுதுவது?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் பெட்டித் தேனீ வளர்க்கிறேன். “சுத்தமான வன்னிக் காட்டுத்தேன், பாலைப்பூத் தேன், சளி, இருமல், நீரிழிவுக்கு நல்லது” என்று லேபல் அடிக்கப் போகிறேன். நோய்ப் பேச்சு வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அதை எடுத்தால் வேறென்ன எழுதுவது?

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. உணவு லேபலில் நோயைத் தீர்க்கும், தணிக்கும் என்று எழுதக் கூடாது. அதிலும் நீரிழிவு என்ற சொல் ஆபத்தானது. தேன் இரத்தத்தில் சீனியைக் கூட்டும். உங்கள் போத்தலை நம்பி ஒருவர் மருந்தைக் குறைத்தால் என்ன ஆகும்?

“காட்டுத்தேன்” என்பதையும் எடுங்கள். மரப்பொந்திலோ கொம்பிலோ எடுத்ததைத்தான் ஆட்கள் அப்படி நினைப்பார்கள், உங்களுடையது பெட்டித்தேன். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. பாலைப்பூவும் அப்படித்தான். தேனீ ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பறந்து போய், பூத்திருப்பதையெல்லாம் உறிஞ்சும். பெரும்பகுதி பாலையில் இருந்துதான் வந்தது என்று காட்ட முடியாவிட்டால், சுற்றியுள்ள மரங்களைச் சொன்னால் போதும். “சுத்தமான” என்று எழுதாத போத்தலை நான் இதுவரை கண்டதில்லை; அதனால் அந்தச் சொல்லுக்கு இப்போது மதிப்பும் இல்லை.

சுவையை வீட்டில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, நாவில் முதலில் படுவது என்ன, விழுங்கிய பிறகு நிற்பது என்ன என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்த எடுப்பில் சுவை மாறும். ஆகவே அந்த வரியைத் தனிச் சிறு துண்டாக அச்சடித்து ஒட்டுவது நல்லது.

அதிக இடம் கொடுக்க வேண்டியது வைத்திருக்கும் முறைக்கு. அடியில் வெள்ளையாகச் சீனி கட்டினால், “சீனிப்பாணி கலந்திருக்கிறான்” என்று போத்தல் திரும்பி வரும். உண்மையில் தேனிலுள்ள குளுக்கோஸ்தான் உறைகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் கெதியாக உறையும். கெட்டுப்போவது வேறு: நுரை தள்ளும், புளித்த மணம் வரும், மூடியைத் திறக்கையில் காற்றுச் சீறும். நீர்ச்சத்து கூடினால்தான் அது நடக்கும். தேனுக்கான சர்வதேசத் தரம் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. மெழுகால் மூடாத அடைத்தேனை எடுத்துப் புளிக்க விட்டால் எந்த லேபலும் காப்பாற்றாது.

ஆக, இப்படி எழுதலாம்:

“தேன். நெடுங்கேணிக் காட்டோரத்தில் வைத்த தேனீப்பெட்டிகளில் எடுத்தது. சுற்றிலும் பாலை, வேம்பு, நாவல் மரங்கள். கடும் இனிப்பு, கடைசியில் இலேசாகக் கைக்கும். வெயில் படாத இடத்தில் இறுக மூடி வையுங்கள். ஈரக் கரண்டி போட வேண்டாம். சீனி கட்டினால் கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் போத்தலை வையுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.”

கடைசி வரி மருத்துவப் பேச்சு அல்ல, எச்சரிக்கை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். இதன் கீழே நிறை, எடுத்த மாதம், காலாவதித் திகதி, உங்கள் பெயர், முகவரி வர வேண்டும். எந்தெந்த மொழிகளில் வேண்டும் என்பதை அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிடுங்கள்.